சேனைப் பூவுக்குக் காய்ச்சல் அடிக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க சாப்பிட்ட இட்லி எப்படி சக்தியா மாறுதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? "மைட்டோகாண்ட்ரியாதான் செல்லோட பவர்ஹவுஸ்"னு சொல்வீங்க. பத்தாவது புத்தகத்துல நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணின வரி அது. சரி, அந்தப் பவர்ஹவுஸுக்குள்ள என்ன நடக்குது? சாப்பாடு எரியுது, ஏடிபி வருது. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? இந்த எபிசோடே அந்த நடுவுல இருக்கிற விஷயத்தைப் பத்தித்தான்.

அதைப் பார்க்க ஒரு நாத்தம் பிடிச்ச பூவை எடுத்துக்கப் போறேன். சேனைக்கிழங்கு வறுவல் தெரியும், சேனைப் பூ பார்த்திருக்கீங்களா? நகரத்துல வளர்ந்தவங்க பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டாங்க. நானும் ஜவ்வாது மலைக்குப் போனப்பதான் முதல்முறை பார்த்தேன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். கோடை மழை ரெண்டு பெஞ்சு ஓய்ஞ்சிருந்த நேரம். சேனை இலை விடுறதுக்கு முன்னாடி, வெறும் மண்ணுலேர்ந்து நேரா பூவைத் தள்ளும். நாங்க தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னாடி, ஊதாவும் பழுப்புமா, ஓரம் சுருங்கின பாவாடை மாதிரி ஒண்ணு விரிஞ்சிருந்தது. நடுவுல காளான் குடை மாதிரி ஒரு முண்டு. எலி செத்துக் கிடக்கிற நாத்தம்.

"கிட்ட வந்து தொட்டுப் பாரு தம்பி, காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும்"னாங்க அந்த வீட்டு அக்கா.

"பூவுக்கு ஏதுக்கா காய்ச்சல்?"

"அது எனக்கென்ன தெரியும், நீதான் படிச்சவன். தொட்டுப் பாரு."

மலைல சாயங்காலம் இறங்கினதும் குளிர ஆரம்பிச்சிடும். பக்கத்துல இருந்த கல்லு சில்லுனு இருந்தது. அந்த முண்டு மட்டும் இளஞ்சூடா இருந்தது.

இது பிரமை இல்லை. சேனை சேர்ந்த குடும்பத்துப் பூக்கள்ல சூடு வருதுன்னு லாமார்க் 1778லேயே எழுதியிருக்கார். அவர் பார்த்தது ஐரோப்பாவுல வளர்ற ஒரு உறவுக்காரச் செடி. சேனைப் பூவும் விரியற சமயத்துல சுத்தியிருக்கிற காத்தைவிடச் சில டிகிரி சூடாகுது. அந்தச் சூடுதான் அழுகின வாடை தர்ற கந்தகச் சேர்மங்களை ஆவியாக்கிக் காத்துல ஏத்துது. வாடையை நம்பி வண்டுகள் வருது, மகரந்தம் இடம் மாறுது.

ஏன் சூடாகுதுன்றது சரி, எப்படி சூடாகுது? அதுக்குள்ள மின்சார ஹீட்டர் எதுவும் இல்லை. நம்ம செல்லுல இருக்கிற அதே மைட்டோகாண்ட்ரியாதான் அதுலயும் இருக்கு. அப்போ அந்த மைட்டோகாண்ட்ரியா எதையோ வேற மாதிரி செய்யணும். அது என்னன்னு புரியணும்னா, சாதாரணமா அது என்ன செய்யுதுன்னு முதல்ல பார்க்கணும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு ரெண்டு சவ்வு. நமக்கு முக்கியமானது உள்சவ்வு. சாப்பாட்டுலேர்ந்து பிடுங்கின எலக்ட்ரான்களை என்.ஏ.டி.ஹெச். அப்படின்ற மூலக்கூறு சுமந்துட்டு வந்து இந்த உள்சவ்வுல இறக்குது. சவ்வுல வரிசையா சில பெரிய புரதங்கள் உட்கார்ந்திருக்கு. எலக்ட்ரான் ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்குக் கைமாறிப் போய், கடைசியா நீங்க மூச்சுல இழுத்த ஆக்ஸிஜன்கிட்ட சேர்ந்து தண்ணி ஆகுது. எலக்ட்ரான் இறங்கிப் போற இந்தப் பாதையில மூணு இடத்துல பம்ப் இருக்கு. எலக்ட்ரான் இறங்கும்போது விடுற சக்தியில பம்ப் ஓடுது. ஓடி, உள்ளே இருக்கிற புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, சவ்வுக்கு வெளியே தள்ளுது.

கவனிங்க, இதுவரைக்கும் ஏடிபி பத்திப் பேச்சே இல்லை. சாப்பாடு எரிஞ்சாச்சு, ஆக்ஸிஜன் செலவாயாச்சு. கிடைச்சது என்னன்னா, வெளிப்பக்கம் குவிஞ்ச புரோட்டான் மட்டும்தான்.

அதே திருவண்ணாமலை மாவட்டத்துல சாத்தனூர் அணை இருக்கே, அதை நினைச்சுக்கோங்க. தண்ணி ஒரு பக்கம் தேங்கி நிக்குது, கீழே இறங்கப் பார்க்குது. இறங்குற வழியில ஒரு டர்பைன் வெச்சா கரண்ட் எடுக்கலாம். அந்த அணையில ஒரு சின்ன நீர்மின் நிலையமும் இருக்கு. இங்கே உள்சவ்வுதான் அணைச் சுவர். புரோட்டான் அதை நேரா ஊடுருவ முடியாது. திரும்பி உள்ளே வரணும்னா, சவ்வுல பதிஞ்சிருக்கிற ஏடிபி சிந்தேஸ் வழியா வரணும். அது நிஜமாவே சுத்துற ஒரு சாதனம். புரோட்டான் உள்ளே நுழைய நுழைய அதோட அடிச்சக்கரம் சுழலுது. சக்கரத்தோட சேர்ந்த தண்டு மேல் பகுதியைத் திருகுது. அந்தத் திருகல்ல ஏடிபியும் பாஸ்பேட்டும் சேர்ந்து... மன்னிக்கணும், ஏடிபி இல்லை, ஏடிபிக்கு ஒரு பாஸ்பேட் குறைஞ்ச ஏ.டி.பி.க்கு முந்தின சரக்கு... பேர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதால இனிமே 'காலி பேட்டரி'ன்னு சொல்றேன். காலி பேட்டரியும் ஒரு பாஸ்பேட்டும் ஒண்ணா அழுத்தப்பட்டு 'நிரம்பின பேட்டரி', அதாவது ஏடிபி, வெளியே விழுது. இது சுத்துறதை 1997ல ஜப்பான் விஞ்ஞானிகள் மைக்ராஸ்கோப்புலயே காட்டினாங்க. தண்டோட நுனியில ஒளிர்ற புரத இழை ஒண்ணை ஒட்டவெச்சாங்க, அது காத்தாடி மாதிரி சுத்துச்சு.

அணை உவமை ஒரு இடத்துல கால்வாரும், அதையும் சொல்லிடறேன். அணையில தண்ணியோட அளவு முக்கியம். இங்கே புரோட்டானோட எண்ணிக்கையைவிட மின்னழுத்தம்தான் பெரும்பங்கு. சவ்வோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 150லேர்ந்து 180 மில்லிவோல்ட் வரைக்கும் இருக்கும். கேட்க அற்பமா இருக்கு, ஒரு டார்ச் பேட்டரியில எட்டுல ஒரு பங்குகூட தேறாது. ஆனா சவ்வோட தடிமன் வெறும் 5, 6 நானோமீட்டர். மீட்டர் கணக்குல மாத்திப் பார்த்தா சுமார் 3 கோடி வோல்ட். காத்துல பொறி பறக்கிறதுக்கு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இது அதைவிடப் பத்து மடங்கு. உங்க செல்லுக்குள்ள இது இருக்கு.

இந்த யோசனையை 1961ல சொன்னவர் பீட்டர் மிட்செல்னு ஒரு இங்கிலாந்துக்காரர். அப்போ யாரும் நம்பலை. ஏன்னா எல்லாரும் வேற ஒண்ணைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. எரியற சாப்பாட்டுலேர்ந்து ஏடிபிக்குச் சக்தியைக் கைமாத்திவிடுற ஒரு இடைத்தரகு மூலக்கூறு இருக்கணும்னு நினைச்சாங்க. வருஷக்கணக்கா தேடியும் அது சிக்கலை. மிட்செல் சொன்னது, அப்படி ஒரு மூலக்கூறே கிடையாது, சவ்வோட ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசம்தான் தரகர்னு. அவர் பிறகு உடம்பு சரியில்லாம பல்கலைக்கழக வேலையை விட்டுட்டு, கார்ன்வால் பகுதியில ஒரு பழைய மாளிகையைச் சீரமைச்சு அதையே ஆய்வுக்கூடமாக்கிக்கிட்டார். 1978ல நோபல் பரிசு வந்தது.

அவர் சொன்னதை நம்ப வெச்ச சோதனை ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1966ல ஆந்த்ரே ஜாகண்டார்ஃப் பண்ணினது. பாலக்கீரையோட பசுங்கணிகத்துலேர்ந்து சவ்வுப் பைகளைப் பிரிச்செடுத்தார். பசுங்கணிகத்துலயும் இதே மாதிரி டர்பைன்தான், அங்கே பம்பை ஓட்டுறது வெயில். அந்தப் பைகளை இருட்டுல வெச்சு, அமிலத்துல ஊறப்போட்டார். உள்ளே புரோட்டான் நிறைஞ்சது. உடனே எடுத்து, காலி பேட்டரியும் பாஸ்பேட்டும் இருக்கிற காரக் கரைசல்ல போட்டார். ஏடிபி வந்தது. வெயில் இல்லை, எரியறதுக்குச் சாப்பாடு இல்லை, எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. உள்ளே நிறைய புரோட்டான், வெளியே கம்மி, அவ்வளவுதான். தரகர் மூலக்கூறைத் தேடினவங்களுக்கு இதுக்குப் பதில் சொல்றது கஷ்டமாயிடுச்சு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். அணை நிரம்பிட்டா என்ன ஆகும்?

நீங்க சோஃபாவுல சாய்ஞ்சு ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு வைங்க. ஏடிபி அதிகமா செலவாகலை. அதனால காலி பேட்டரி திரும்பி வர்றது குறையுது. காலி பேட்டரி இல்லாம டர்பைன் சுத்தாது. டர்பைன் சுத்தலைன்னா புரோட்டான் உள்ளே வராது, வெளியே குவியும். குவியக் குவிய, இன்னொரு புரோட்டானை வெளியே தள்ளுறது பம்புக்குக் கஷ்டமாகுது. பம்ப் திணறினா எலக்ட்ரான் ஓட்டம் நிக்குது. எலக்ட்ரான் ஓடலைன்னா ஆக்ஸிஜன் செலவும் குறையுது. கடைசியில, சாப்பாடு எரியறதே மெதுவாயிடுது. செலவுக்கு ஏத்த வருமானம். இதைத்தான் பிணைப்புன்னு சொல்றது. எரியறதும் ஏடிபி வர்றதும் நேரடியா ஒட்டிக்கலை, அழுத்தத்தால கட்டிப்போட்டிருக்கு.

இதை ஆய்வுக்கூடத்துல கண்ணால பார்க்கலாம். பிரிச்செடுத்த மைட்டோகாண்ட்ரியாவை ஒரு சின்னக் குப்பியில போட்டு, ஆக்ஸிஜன் எவ்வளவு வேகமா குறையுதுன்னு அளப்பாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒலிகோமைசின்னு ஒரு மருந்தைப் போடுவாங்க. அது டர்பைனோட புரோட்டான் வழியை மட்டும் அடைக்கும். டர்பைன் ஆக்ஸிஜனைத் தொடுறதே இல்லை, ஆனாலும் ஆக்ஸிஜன் செலவு சட்டுனு படுத்துடும். அணை நிரம்பி பம்ப் திணறிடுச்சு. அடுத்து, சவ்வுல ஓட்டை போடுற மாதிரி வேலை செய்யற ஒரு பொருளைப் போடுவாங்க. ஆக்ஸிஜன் செலவு மறுபடி பாயும், ஆனா ஒரு ஏடிபிகூட வராது. சக்தி எல்லாம் சூடா போயிடும். இந்த ஓட்டைக்காரப் பொருளை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவார்.

சரி, சேனைப் பூவுக்கு வருவோம். அதுக்குச் சூடு வேணும். அதாவது சாப்பாட்டைத் தறிகெட்டு எரிக்கணும். ஆனா அணை நிரம்பினா எரியறது நின்னுடுமே? இந்தக் குடும்பத்துப் பூக்கள் இதுக்கு ஒரு குறுக்குவழி வெச்சிருக்கு. எலக்ட்ரான் முதல் பம்பைத் தாண்டினதும், மத்த ரெண்டு பம்புக்குப் போகாம நேரா ஆக்ஸிஜன்கிட்ட கூட்டிட்டுப் போற ஒரு நொதி, 'மாற்று ஆக்ஸிடேஸ்'னு பேரு. முதல் பம்பையே தவிர்க்கிற இன்னொரு நுழைவாயிலும் செடிகள்ல இருக்கு.

பணக் கணக்கா போட்டுப் பார்க்கலாம். என்.ஏ.டி.ஹெச். கொண்டு வர்ற ஒரு ஜோடி எலக்ட்ரானோட மதிப்பு 220 ரூபாய்னு வைங்க. (ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல்னு படிச்சா நிஜக் கணக்கு.) செல்லுக்குள்ள ஒரு ஏடிபியோட மதிப்பு சுமார் 50 ரூபாய். சாதாரணப் பாதையில போனா மூணு பம்பும் சேர்ந்து 10 புரோட்டானைத் தள்ளும். ஒரு ஏடிபி செஞ்சு வெளியே அனுப்ப ஏறக்குறைய 4 புரோட்டான் செலவு. ஆக, ரெண்டரை ஏடிபி, 125 ரூபாய். மீதி 95 ரூபாய் சூடா போயிடும். குறுக்குவழியில போனா முதல் பம்ப் மட்டும்தான், 4 புரோட்டான், ஒரே ஒரு ஏடிபி. 170 ரூபாய் சூடு. முதல் பம்பையும் தவிர்த்தா ஏடிபியே இல்லை, 220 ரூபாயும் சூடு.

இங்கே ஒருத்தர் கேட்கலாம்: 95க்குப் பதிலா 220, ரெண்டரை மடங்குகூட இல்லையே, இதுக்கா பூ சூடாகுது? நியாயமான கேள்வி. ஏடிபியில சேர்ந்த 125 ரூபாயும் செல்லுல எங்கேயோ செலவாகி கடைசியில சூடாத்தான் முடியும். அதனால ஒரு ஜோடி எலக்ட்ரானுக்கு எவ்வளவு சூடுன்றது இங்கே பெரிய விஷயமே இல்லை. வேகம்தான் விஷயம். குறுக்குவழியில புரோட்டான் தேங்கறதில்லை, திணறல் இல்லை, பிரேக் இல்லை. ஏடிபிக்குத் தேவை இருக்கோ இல்லையோ, ஸ்டார்ச் இருக்கிற வரைக்கும் எரிச்சுத் தள்ளலாம். புத்தகங்கள்ல 'ஏடிபி வீணாகி வெப்பமாகிறது'ன்னு ஒரு வரியில முடிச்சிடறாங்க. பிரேக் கழண்டதுன்னு சொன்னாத்தான் விஷயம் புரியும்.

குறுக்குவழி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சயனைடு வெச்சு. சயனைடு கடைசிப் பம்பை அடைக்கும். நம்ம செல் அதோட மூச்சை நிறுத்திடும். இந்தப் பூக்களோட திசு சயனைடுலயும் ஆக்ஸிஜனை இழுத்துக்கிட்டே இருந்தது. அப்போ கடைசிப் பம்ப் இல்லாம ஆக்ஸிஜனுக்குப் போக வேற வழி இருந்தாகணும். சூட்டை ஆரம்பிச்சு வைக்கிற சிக்னல் என்னன்றது தனிக்கதை. சேனையோட உறவுக்காரப் பூ ஒண்ணுல அது சாலிசிலிக் அமிலம்னு 1987ல கண்டுபிடிச்சாங்க, நம்ம ஆஸ்பிரினோட நெருங்கின சொந்தம். காய்ச்சலை இறக்குற மாத்திரையோட சொந்தக்காரன் பூவுக்குக் காய்ச்சலை ஏத்துறான்.

நீங்களே பார்க்கணும்னா, கிராமத்துப் பக்கம் போகும்போது பூ விரியற முதல் சாயங்காலம் போங்க. கையை நம்பாதீங்க, சமையலுக்கு விக்கிற குச்சி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டரை முண்டோட மேல ஒட்டி வைங்க. பக்கத்துல இருக்கிற ஒரு கல்லையும் அளங்க. வெயில் இறங்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும், இல்லைன்னா நீங்க அளக்கிறது பகல் வெயிலோட மிச்சத்தை. பூ வதங்கினதுக்கு அப்புறம் போனா ஒண்ணும் தெரியாது.

பூ பண்றது குறுக்குவழி. பிரேக்கைக் கழட்ட இன்னொரு வழியும் இருக்கு: பம்ப் எல்லாம் ஓடட்டும், அணைச் சுவர்ல ஓட்டை போடு. இதை நம்ம உடம்பே செய்யுது. பிறந்த குழந்தை குளிர்ல நம்மளை மாதிரி நடுங்காது. அதுக்குப் பதிலா தோள்பட்டைக்கு நடுவுலயும் கழுத்துப் பக்கமும் பழுப்புக் கொழுப்பு இருக்கு. அந்தக் கொழுப்புச் செல்லோட உள்சவ்வுல ஒரு புரதம், டர்பைனைச் சுத்தாமலே புரோட்டானை உள்ளே விட்டுடும். கொழுப்பு எரியும், சூடு வரும். அந்தப் புரதம் தேவைப்படும்போது திறக்கும், இல்லாதப்போ மூடியிருக்கும். ரொம்ப முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இந்தக் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்திருக்காது. அம்மா நெஞ்சோட தோலோடு தோலா அணைச்சு வெச்சுக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ அந்த ஓட்டைக்காரப் பொருள். பேரு டைநைட்ரோஃபீனால், சுருக்கமா டி.என்.பி. முதல் உலகப் போர்ல பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகள்ல இதைக் கையாண்ட தொழிலாளிகள் இளைச்சாங்க, வேர்த்துக் கொட்டினாங்க, சிலர் செத்தே போனாங்க. 1930கள்ல அமெரிக்காவுல இதையே எடை குறைக்கிற மாத்திரையா வித்தாங்க. வேலை செஞ்சுது, அதான் சிக்கல். இது கொழுப்புல கரையும், புரோட்டானையும் சுமக்கும். சவ்வுக்கு வெளியே ஒரு புரோட்டானைப் பிடிச்சு, சவ்வுக்குள்ளயே நீந்தி, உள்ளே கொண்டு போய் விட்டுட்டுத் திரும்பி வரும். பழுப்புக் கொழுப்புல மட்டும் இல்லை, இதயம், மூளை, தசைன்னு எல்லா இடத்துலயும். கண்புரை, மரணம்னு செய்தி வர, 1938ல அங்கே தடை பண்ணினாங்க.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, 'ஃபேட் பர்னர்'ன்ற பேர்ல இது இன்னைக்கும் இணையத்துல கைமாறுது. ஜிம்முல யாராவது மஞ்சள் பொடி, மஞ்சள் கேப்ஸ்யூல்னு நீட்டினா, மிட்செலோட அணையை நினைச்சுக்கோங்க. குழந்தையோட புரதத்துக்கு மூடுற கதவு இருக்கு. டி.என்.பி.க்குக் கதவே கிடையாது. உள்ளே போயிட்டா அதை முறிக்கிற மருந்தும் கிடையாது. உடம்பு வேர்க்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், சூடு ஏறிக்கிட்டே போகும். பாராசிட்டமால் கேட்காது. சாதாரணக் காய்ச்சல்ல மூளைதான் உடம்போட வெப்ப அளவை உயர்த்தி வைக்குது, பாராசிட்டமால் அந்த அளவைத் திரும்ப இறக்குது. இங்கே மூளை எதையும் உயர்த்தலை. ஒவ்வொரு செல்லும் தானா கொதிக்குது. அப்படி யாரையாவது பார்த்தா, வீட்டுல ஈரத்துணி போட்டுக் காத்திருக்காம, 108ஐக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாங்கன்றதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மிச்சம் இருக்கிற மாத்திரை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.